மேனேஜரிடம் பெரிய பொறுப்பு கேட்பது: ஐடி சப்போர்ட் டீமில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாலு வருஷமா எல்2 சப்போர்ட்ல டிக்கெட் முடிச்சிட்டு இருக்கேன். அடுத்த காலாண்டு ரிலீஸை நானே நடத்துறேன்னு கேட்க ஆசை. மேனேஜர் என்ன நினைப்பார்?

அவருக்கு முதலில் தோன்றுவது "அப்போ க்யூவை யார் பார்ப்பா?" என்பதுதான். உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்ற யோசனை அதற்கு அப்புறம்தான் வரும், பெரும்பாலும் அதற்கு ஏற்கெனவே அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

அவர் இடத்தில் இருந்து பாருங்கள். கிளையண்டோடு போட்ட ஒப்பந்தத்தில் எஸ்எல்ஏ இருக்கிறது. முதல் நிலை டிக்கெட் வந்தால் இத்தனை நிமிஷத்தில் கையில் எடுக்க வேண்டும், இத்தனை மணி நேரத்தில் சரி செய்ய வேண்டும், மாசக் கடைசியில் சதவீதம் குறைந்தால் பில்லில் கழிப்பார்கள். அந்தச் சதவீதம் இன்றைக்கு நிற்பது உங்களைப் போல இரண்டு மூன்று பேரால். நன்றாக வேலை செய்கிறவரை இருக்கிற இடத்திலிருந்து நகர்த்த மேனேஜர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான், உங்கள் மேல் உள்ள கோபமோ பொறாமையோ இல்லை. ஆகவே க்யூவை யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் பேச்சு நகரும். கீழே நான் சொல்வது எல்லாம் இந்த ஒரு சங்கதியைச் சுற்றித்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எப்போ கேட்கறது? அப்ரைசல் மீட்டிங்கிலேயே கேட்டுடலாமா?

வேண்டாம். அப்ரைசல் மீட்டிங்குக்கு அவர் உட்காரும்போது ரேட்டிங் எல்லாம் மேலே முடிவாகியிருக்கும், அந்த அரை மணி நேரத்தில் அவர் கவலை உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதுதான். அங்கே கேட்கிற எதுவும் ரேட்டிங்குக்கு ஈடாகக் கேட்பது போலத்தான் காதில் விழும்.

நம் ஊர் ஐடி கம்பெனிகளில் பலவற்றில் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் கோல் ஷீட் எழுதுகிற ஏப்ரல், மே மாதங்கள் நல்ல நேரம். அதைவிட நல்ல நேரம், ஏதாவது ஒன்று அசையும்போது: ரிலீஸ் பார்ப்பவர் பிரசவ விடுப்பில் போகப் போகிறார், யாரோ பேப்பர் போட்டுவிட்டார், கிளையண்ட் புதிதாக ஒரு மாட்யூலைக் கொடுத்திருக்கிறார். அப்போது மேனேஜரே ஆள் தேடிக்கொண்டிருப்பார். மாசக் கடைசி க்ளோஸிங், ஆடிட் வாரம், பெரிய அவுட்டேஜ் முடிந்த மறுநாள், இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்க கிளையண்டாக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பல பேர் சேஞ்ச் ஃப்ரீஸ் போட்டுவிடுவார்கள், புரொடக்ஷனில் யாரும் கை வைக்க மாட்டார்கள், மேனேஜரும் கொஞ்சம் மூச்சு விடுவார். மார்ச் ரிலீஸைப் பற்றிப் பேச அது அருமையான நேரம்.

சரி, போறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?

இதுதான் பெரிய வேலை, இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு கற்பனை ஆளை வைத்துச் சொல்கிறேன். சென்னையில் ஓஎம்ஆரில் உட்கார்ந்து அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளையண்டுக்கு எல்2 பார்க்கிற ஒரு பெண். வாரம் 45 மணி நேரம் வேலை. அந்த நேரம் எங்கே போகிறது என்று இரண்டு வாரம் எழுதிப் பார்க்கிறார். டிக்கெட்டுக்கு 22 மணி, காலையில் பேட்ச் ஜாப் கண்காணிப்புக்கு 5, வாராந்திர ரிப்போர்ட்டுக்கு 3, கிளையண்ட் காலுக்கு 5, மிச்சம் 10 மணி திரும்பத் திரும்ப வருகிற பிரச்சினைகளை ஆராய்வதற்கும் உள் மீட்டிங்குகளுக்கும்.

அடுத்தது, ரிலீஸ் ஒருங்கிணைப்புக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இப்போது அதைச் செய்கிறவரிடமே கேட்கிறார். மாற்றங்களின் பட்டியல் சேர்ப்பது, கோட் ஃப்ரீஸ் தேதியைக் கறாராகப் பிடிப்பது, யூஏடியில் கிளையண்டின் ஒப்புதல் வாங்குவது, மாற்றங்களுக்கு அனுமதி கொடுக்கிற கேப் மீட்டிங்கில் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டை எடுத்துச் சொல்வது, ரோல்பேக் திட்டம் எழுதுவது, கடைசியில் ரிலீஸ் இரவு. ஆறு வாரத்துக்கு வாரம் சுமார் 10 மணி, கடைசி வாரம் மட்டும் 20 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த 10 மணி எங்கிருந்து வரும்? பேட்ச் கண்காணிப்பு 5 மணியை ஜூனியர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். ரிப்போர்ட் 3 மணியையும் அவரே பார்க்கலாம், அது ஏற்கெனவே பாதி தயாராக வருகிற எக்ஸெல்தான். மீதி 2 மணிக்கு டிக்கெட் பட்டியலைப் பார்க்கிறார். ஏஜென்ட் கோடு தவறாக மேப் ஆவது என்று ஒரே மாதிரி டிக்கெட் வாராவாரம் வருகிறது, சரி செய்யும் வழியை ரன்புக்கில் தெளிவாக எழுதிவிட்டால் எல்1 ஆட்களே முடித்துவிடுவார்கள், எல்2 வரைக்கும் வராது. ஆக 10 சரியாகிவிட்டது. கடைசி வாரத்தின் கூடுதல் 10 மணிக்கு, சக எல்2 ஒருவரிடம் பேசி அந்த வாரம் க்யூவில் பாதியை அவர் பார்ப்பது, பதிலுக்கு அவருடைய அடுத்த ஆன்கால் வாரத்தை இவர் எடுப்பது என்று முடித்துவைக்கிறார். மேனேஜரைப் பார்ப்பதற்கு முன்பே பேசிவிடுகிறார், "நீங்க சரின்னா அவர்கிட்ட சொல்றேன்" என்று கேட்டு வைத்துக்கொள்கிறார். சக ஊழியருக்கே தெரியாமல் அவர் தலையில் கட்டுகிற திட்டத்தைக் கொண்டுபோனால் அங்கேயே பேர் கெட்டுவிடும்.

இன்னொன்று, பலரும் கடைசியில்தான் கவனிப்பது. நேரம். ரிலீஸ் பெரும்பாலும் கிளையண்டின் சனி இரவு. நியூயார்க்கில் கோடைக் காலத்தில் சனி இரவு 10 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை ஏழரை, குளிர் காலத்தில் எட்டரை. காலாண்டுக்கு ஒரு ஞாயிறு போகும், முன்னோட்டமும் வைத்தால் இரண்டு. வீட்டில் பேசிவிட்டுப் போய்க் கேளுங்கள். வாங்கிக்கொண்டபின் "ஞாயிறு வர முடியாது" என்பதைப் போல மோசமான ஆரம்பம் இல்லை.

ஜூனியருக்குக் கொடுத்துட்டேன்னு சொன்னா மேனேஜர் நம்பணுமே. எப்படிக் காட்டறது?

கேடி கொடுத்தேன், அதாவது வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஒரு மணி நேர மீட்டிங்கை ரெக்கார்டு பண்ணிவிட்டு கேடி முடிந்தது என்று ஷீட்டில் பச்சை அடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

முதல் வாரம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாவது வாரம் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருங்கள் (இது ரொம்பக் கஷ்டம், கை மவுஸை நோக்கிப் போகும்). அப்புறம் ரிவர்ஸ் கேடி, அதாவது அவர் உங்களுக்கு விளக்க வேண்டும். அதிலும் பேட்ச் ஒழுங்காக ஓடுகிற நாளில் எல்லோரும் கெட்டிக்காரர்தான். ஆகவே பழைய டிக்கெட்டுகளில் ஜாப் விழுந்துபோன மூன்றை எடுத்து, தீர்வை மறைத்து, பிழைச் செய்தியை மட்டும் கொடுங்கள். ரன்புக்கை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிறாரா பாருங்கள். அவர் திணறுகிற இடம் பெரும்பாலும் ரன்புக்கில் நீங்கள் எழுதாமல் விட்ட இடம். "அப்ஸ்ட்ரீம் ஃபைல் வந்துச்சான்னு பாரு" என்று எழுதியிருப்பீர்கள், எந்த ஃபோல்டரில், எத்தனை மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் யாருக்கு மெயில் போட வேண்டும் என்பது உங்கள் தலையில் மட்டும் இருக்கும். அதைச் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது வாரம் அவர் தனியாகப் பார்க்கட்டும், நீங்கள் போனில் மட்டும்.

இது முடிந்து ஒரு வாரம் போனபின் மேனேஜரிடம் போனால், சொல்வதற்கு வாக்குறுதி தேவையில்லை. "போன வாரம் பேட்ச் முழுக்க அவர்தான் பார்த்தார், புதன்கிழமை ஒரு ஜாப் விழுந்தது, என்னைக் கூப்பிடாமலே எடுத்துவிட்டார்" என்றால் போதும். ஜூனியர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். அவருக்கும் அது வளர்ச்சிதான், மேனேஜருக்கும் ஒரு மாற்று ஆள் கிடைத்த கணக்கு.

ஒரு எச்சரிக்கை: கற்றுக்கொடுப்பதை மேனேஜருக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் பேப்பர் போடப் போவதாகத்தான் முதலில் சந்தேகம் வரும். "பேட்சுக்கு ஒரு பேக்அப் ஆள் தயார் பண்ணலாம்னு இருக்கேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். எந்த மேனேஜரும் இதற்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வாயைத் திறந்து எப்படி ஆரம்பிக்கறது? மெயிலா, நேர்லயா?

நேரில், அல்லது வீடியோவில், அவரோடு தனியாக. முதல்நாள் "அடுத்த ரிலீஸைப் பத்தி ஒரு யோசனை இருக்கு, இருபது நிமிஷம் கிடைக்குமா?" என்று ஒரு வரி அனுப்புங்கள். "கொஞ்சம் பர்சனலா பேசணும்" என்று மட்டும் எழுதாதீர்கள், ராஜினாமா என்று நினைத்து ராத்திரி அவருக்குத் தூக்கம் போகும்.

பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "செப்டம்பர் ரிலீஸோட ஒருங்கிணைப்பை நான் எடுத்துச் செய்யணும்னு ஆசைப்படறேன். இந்த ஒரு ரிலீஸுக்கு மட்டும். ஆறு வாரம், வாரம் பத்து மணி நேரம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கேன். டிக்கெட்டும் கிளையண்ட் காலும் என்கிட்டயே இருக்கும். பேட்சும் ரிப்போர்ட்டும் ஜூனியர் பார்க்கறார், போன வாரம் தனியாவே பார்த்தார். கடைசி வாரம் மட்டும் க்யூவில் பாதிக்கு ஆள் வேணும், அதுக்கும் ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன், நீங்க ஒத்துக்கிட்டாதான். இப்ப ரிலீஸ் பார்க்கறவர் கூடவே இருந்து முதல் கேப் மீட்டிங்கைப் பார்த்துக்கட்டும். நடுவில எஸ்எல்ஏ இறங்குச்சுன்னா நானே வந்து சொல்லிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன். இதுல உங்களுக்கு எங்கே இடிக்குது?"

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். "சரியா, முடியுமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். எங்கே இடிக்கிறது என்று கேட்டால் அவர் மனதில் உள்ள தடை வெளியே வரும். கிளையண்ட் பக்க மேனேஜருக்கு உங்களைத் தெரியாது என்பதாக இருக்கலாம், நீங்கள் கிளையண்ட் காலில் அதிகம் பேசுவதில்லை என்பதாக இருக்கலாம். இவை தீர்க்கக்கூடிய விஷயங்கள். தெரியாமல் இருந்தால்தான் தீர்க்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலமே நாலு வரியில் மெயில்: என்ன பேசினோம், என்ன ஒத்துக்கொண்டார், எது அவர் யோசிப்பதாகச் சொன்னார், அடுத்து எந்தத் தேதியில் பேசுகிறோம். அவர் இதை அப்படியே தன் மேலதிகாரிக்கு அனுப்பக்கூடிய மாதிரி எழுதுங்கள்.

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? "டீம் லீட் ஆக்குங்க"ன்னு நேரா கேட்டா என்ன?

கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் கம்பெனியில் கிரேடு என்பது வருஷத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு முறை, ஒரு பட்ஜெட்டுக்குள், புராஜெக்ட்டில் சீனியர் எத்தனை ஜூனியர் எத்தனை என்ற பிரமிடு கணக்குக்குள் முடிவாகிறது. உங்கள் மேனேஜர் பெயர் கொடுக்கலாம், வாதாடலாம், அவ்வளவுதான். வேலையைப் பிரித்துக் கொடுப்பது மட்டும் முழுக்க அவர் கையில். அதைக் கேட்டால் அவரால் இந்த வாரமே சரி சொல்ல முடியும்.

பில்லிங்கும் ஒரு விஷயம். கிளையண்ட் ஆள் கணக்கில், மணிக் கணக்கில் பணம் கொடுக்கிற ஒப்பந்தமாக இருந்தால், நீங்கள் சப்போர்ட் என்று பில்லாகிக்கொண்டு வாரம் பத்து மணி வேறு வேலை பார்ப்பது டைம்ஷீட்டில் உதைக்கும், கிளையண்டிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். மொத்தமாக ஒரு தொகைக்கு எடுத்த ஒப்பந்தம் என்றால் யார் எதைச் செய்கிறார்கள் என்பது பெரும்பாலும் உள்விவகாரம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால், அந்தக் கேள்வியை நீங்களே எழுப்பலாம். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

"பார்க்கலாம்"னு சொன்னார். மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் காணோம்.

மறந்திருப்பார். ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள், தேதியோடு: "கோட் ஃப்ரீஸ் 14ஆம் தேதி, அதுக்கு முன்னாடி முடிவானாதான் இந்த ரிலீஸுக்கு ஆகும்." அப்போதும் பார்க்கலாம் என்றால் கொஞ்சம் சிறியதாகக் கேளுங்கள். ரிலீஸ் முழுவதும் வேண்டாம், ரோல்பேக் திட்டத்தையும் ரிலீஸ் இரவின் சோதனைப் பட்டியலையும் நான் எழுதுகிறேன் என்று. அதற்கும் பதில் இல்லை என்றால் அது "இல்லை"தான், என்ன காரணம் என்று நேராகவே கேட்டுவிடலாம். காரணம் சொல்லாமலே ஒரு வருஷம் ஓட்டுகிற மேனேஜரும் உண்டு. அப்படிப்பட்டவருக்காக இரண்டாவது வருஷத்தையும் வைக்க வேண்டியதில்லை.

எனக்கு முன்னாடி ஒரு சீனியர் வரிசையில இருக்கார். நான் கேட்டா தப்பா எடுத்துப்பாரா?

முதலில் அவரிடமே பேசுங்கள். "அடுத்த ரிலீஸை நீங்க எடுக்கறதா இருக்கீங்களா?" என்று ஒரு டீ குடிக்கும்போது கேட்டால் முடிந்தது. பாதி நேரம் அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலியே வேண்டாம் என்றிருக்கும். அவருக்கு வேண்டும் என்றால் அவருக்குத் துணையாக இருக்கிறேன் என்று கேளுங்கள், அடுத்தது உங்களுக்கு வரும்.

குழந்தை சின்னதுன்னு மேனேஜரே முடிவு பண்ணி என்னைக் கேட்கறதே இல்ல. கோபமா வருது.

வர வேண்டிய கோபம்தான். அக்கறை மாதிரிதான் இருக்கும், ஆனால் உங்கள் வீட்டு ஏற்பாட்டை அவர் தீர்மானிக்கிறார். இதற்கு உங்கள் நேரத்தை நீங்களே சொல்லிவிடுவதுதான் வழி: "ஞாயிறு காலை ஆறிலிருந்து பதினொன்று வரை முழுசா இருக்க முடியும், வீட்டில் ஏற்பாடு இருக்கு. தினம் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை முடியாது, எட்டுக்கு மேல கால் எடுப்பேன்." முடியாததையும் சேர்த்துச் சொல்வதால் முடியும் என்பதன் மேல் நம்பிக்கை வரும். அப்புறம், "இந்த மாதிரி வாய்ப்பு வந்தா என்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்ற வரியையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

கேட்டது கிடைச்சுடுச்சு. ஆனா பழைய வேலையும் அப்படியே என் தலையில. என்ன பண்றது?

இது ரொம்ப நடக்கிற கதை. கை மீறுகிறது என்பதற்கு அறிகுறிகள் டிக்கெட் பட்டியலிலேயே இருக்கும். முடித்த டிக்கெட் திரும்பத் திறக்கிறது. ஐந்து நாளைத் தாண்டிய டிக்கெட்டுகள் சேருகின்றன. எல்லாவற்றையும்விட, எஸ்எல்ஏ கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பயனரிடம் தேவையில்லாத ஒரு கேள்வி கேட்டு 'பதிலுக்குக் காத்திருக்கிறது' நிலையில் போட ஆரம்பிக்கிறீர்கள். அந்த மூன்றாவதைச் செய்கிற நாளிலேயே மேனேஜரிடம் போய்விடுங்கள். ரிப்போர்ட்டில் எண் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் அவராகக் கண்டுபிடிக்க மாட்டார், கிளையண்ட் கண்டுபிடிப்பார்.

போகும்போது "ரொம்ப வேலை" என்று புலம்ப வேண்டாம். பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்டதைக் காட்டுங்கள்: பேட்சும் ரிப்போர்ட்டும் போகும் என்றோம், ரிப்போர்ட் திரும்ப என்னிடமே வந்துவிட்டது, இந்த வாரம் ரிப்போர்ட், ரிலீஸ் இரண்டில் எதை விடட்டும், நீங்கள் சொல்லுங்கள். முதலில் போட்ட அந்த நாலு வரி மெயில் உதவுவது இங்கேதான்.

சம்பளம் ஏறாம கூடுதல் வேலை செய்யறது நம்மளையே ஏமாத்திக்கறது இல்லையா?

எல்லை போடாவிட்டால் அப்படித்தான் முடியும். ஒரு ரிலீஸை இலவசப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை நிரூபணம் என்று வையுங்கள். மூன்றாவது வருவதற்கு முன்னால் அது உங்கள் கோல் ஷீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும், கிரேடு பேச்சுக்கு உங்கள் பெயர் போகுமா என்று கேட்டுவிட வேண்டும். போகாது என்றால் மூன்றாவதை மரியாதையாக வேண்டாம் என்று சொல்லலாம். கையில் இரண்டு ரிலீஸ் நடத்திய அனுபவம் இருக்கிறது, அதை ரெஸ்யூமேயில் எழுதுவதை யாரும் தடுக்க முடியாது.

வேற கம்பெனி ஆஃபர் லெட்டரைக் காட்டிக் கேட்டா சீக்கிரம் வேலை நடக்குமே?

சம்பளத்துக்கு சில நேரம் நடக்கும். பொறுப்புக்கு நடக்காது. மூன்று மாத நோட்டீஸில் போகப் போகிறவர் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், ஆறு வாரம் பொறுமையாக நடத்த வேண்டிய ரிலீஸை உங்களை நம்பி யார் கொடுப்பார்? உண்மையிலேயே போகிற எண்ணம் இருந்தால் போங்கள். அதற்கு முன் கம்பெனிக்குள்ளேயே வேறு புராஜெக்ட்டில் இடம் இருக்கிறதா என்று உள் அறிவிப்புகளைப் பாருங்கள். பல இடங்களில் ஒரே புராஜெக்ட்டில் குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று விதி உண்டு, விண்ணப்பம் ஒரு கட்டத்தில் உங்கள் மேனேஜருக்கும் தெரியவரும். அவருக்கு அது போர்ட்டலிலிருந்து தெரிவதற்கு முந்தின நாள் நீங்களே சொல்லிவிடுங்கள்.